ஒத்திகையின் செலவு

நாடகத்தைப் பற்றி எழுதும் நம்மவர்கள் பிரதியைப் பற்றி எழுதுகிறார்கள்; நடிப்பைப் பற்றி எழுதுகிறார்கள்; எப்போதாவது ஒளியமைப்பைப் பற்றி ஒரு வரி எழுதுகிறார்கள். நாடகக் குழுவின் கணக்கு நோட்டைப் பிரித்துப் பார்த்து எழுதியவர் அபூர்வம். காசைப் பற்றிப் பேசுவது கலைக்குக் கேவலம் என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக இருக்கிறது. ஆனால் ஒரு நாடகம் ஏன் இரவு முழுதும் நடக்கிறது, இன்னொன்று ஏன் பதின்மூன்று நிமிஷத்தில் முடிகிறது, ஒன்றில் ஏன் யானை வருகிறது, மற்றொன்றில் ஏன் ஒரு நாற்காலி கூட இல்லை என்ற கேள்விகளுக்கு அழகியலில் கிடைக்கும் விடையைவிட அந்த நோட்டில் கிடைக்கும் விடை பல சமயம் நேரானது.

நோட்டில் நான்கு தலைப்புகள் இருக்கும். ஒத்திகை, உடை, அரங்க வாடகை, டிக்கெட் வசூல். முதல் மூன்றும் செலவு, கடைசி வரவு. உடைக்கும் அரங்கத்துக்கும் ரசீது உண்டு. ஒத்திகைக்கு ரசீது கிடையாது. டீ, பன், பீடி என்று சில்லறையாக ஏதோ எழுதியிருப்பார்கள். மற்றபடி அந்தப் பக்கம் காலி. நாடகத்தில் மிகப் பெரிய செலவு எதுவோ அது எழுதப்படாமலே போகிறது. எழுதப்படாவிட்டாலும் அதை யாரோ ஒருவர் கொடுத்துத்தான் இருக்கிறார். யார் கொடுத்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் நம் நாடக வரலாற்றின் இன்னொரு முகம் தெரிகிறது.

இதற்கு ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரம் நல்ல இடம். கிழக்கே கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதையம்மன் கோயில் கூத்து. வடக்கே எல்லை தாண்டினால் பழைய மைசூர் நாட்டுக் கிராமங்களின் புராண நாடகம். நடுவில் 1970களில் சிப்காட் வந்து, 1980இல் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கடிகாரமும் வந்து உருவான ஆலை நகரம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே கடைத்தெருவில் பேசப்படும். மூன்று வகை நாடகக் கணக்கும் ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

*

முதலில் எல்லாருக்கும் தெரிந்த கம்பெனியிலிருந்து தொடங்கலாம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். பாலர் கம்பெனியில் பையன்கள் கம்பெனி வீட்டில் தங்கினார்கள், அங்கேயே சாப்பிட்டார்கள், பாடம் கேட்டார்கள், தூங்கினார்கள். பகலில் ஒத்திகை, இரவில் நாடகம். பெற்றோருக்குச் சம்பளமாகப் போனது சொற்பம். இந்த ஏற்பாட்டைக் குருகுலம் என்று புகழ்ந்தவர்களும் உண்டு, அடிமை வேலை என்று ஏசியவர்களும் உண்டு. கணக்குக்காரன் பார்வையில் இது வேறொன்று. ஒத்திகையின் செலவைச் சமையலறைச் செலவாக மாற்றிய ஏற்பாடு இது. பையன் ஒத்திகை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவனுக்குச் சோறு போட்டாக வேண்டும். ஆகவே ஒத்திகை எவ்வளவு நீண்டாலும் கூடுதல் செலவு இல்லை. பாட்டு, வசனம், சண்டை எல்லாம் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற முடிந்ததற்கு இதுதான் காரணம்.

ஆனால் சமையலறை ஒரு நாளும் நிற்காது. எனவே நாடகமும் நிற்கக் கூடாது. ஒரு ஊரில் கொட்டகை போட்டால் வசூல் இருக்கும்வரை அங்கே இருப்பார்கள். வசூல் இறங்கினால் நாடகத்தை மாற்றுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் ஊரை மாற்றுவார்கள். ஊர் மாற்றுவது பெரிய செலவு. சீன், பெட்டி, ஆட்கள் எல்லாவற்றுக்கும் ரயில் கூலி. இந்தப் பயத்தில்தான் கம்பெனிகள் பல நாடகங்களைக் கையிருப்பில் வைத்திருந்தன. தந்திரக் காட்சிகளும் இதிலிருந்தே வந்தன. கர்நாடகத்தில் 1884இல் தோன்றிய குப்பி கம்பெனி, வீரண்ணாவின் காலத்தில், 1930களில் ‘குருக்ஷேத்ர’ நாடகத்துக்கு நிஜ யானையை மேடையேற்றியது. யானைக்குத் தீனி போடுவது வீண் செலவு என்று தோன்றும். ஒரே ஊரில் பார்த்தவனையே மறுபடி டிக்கெட் வாங்க வைக்க வேண்டிய முதலாளிக்கு அது வீண் செலவாகத் தோன்றியிருக்காது.

தென் மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகம் இதற்கு நேர் எதிரான வழியைக் கண்டுபிடித்தது. ஒத்திகையே வேண்டாம் என்றது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். தனித்தனியே பேசிக் கூலி கொடுத்து வரவழைப்பார்கள். இரவு மேடையில்தான் சந்திப்பார்கள். ‘வள்ளி திருமண’மும் ‘பவளக்கொடி’யும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் அது சாத்தியமாயிற்று. சுவாமிகளின் பிரதிகள் இங்கே எல்லாருக்கும் பொதுவான ஒத்திகையாக இருந்தன. முந்திய தலைமுறை கம்பெனி வீட்டில் பட்ட பாடு, அடுத்த தலைமுறைக்கு வட்டியில்லா முதலாகக் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை ஒன்று உண்டு. புதிய நாடகம் போட முடியாது. புதிய பிரதியை நடிகர்கள் கூடிப் படித்தாக வேண்டும். கூடுவதற்கு யாரும் கூலி தரமாட்டார்கள்.

*

எல்லைக்கு அப்பால் நடப்பது நம்மில் பலருக்குத் தெரியாத கணக்கு. தெரிந்தால் முதலில் சிரிப்பு வரும்.

பழைய மைசூர்ப் பகுதியின் கிராமங்களில் ‘குருக்ஷேத்ர’ போன்ற புராண நாடகங்களை ஊர்க்காரர்களே நடிக்கிறார்கள். விவசாயி, கடைக்காரர், பஸ் டிரைவர், ஆலைத் தொழிலாளி எல்லாம் அதில் இருப்பார்கள். கம்பெனிகள் போன பிறகு அவற்றின் பாட்டும் படுதாவும் கிராமத்துக்கு இறங்கி வந்துவிட்டன என்று சொல்லலாம். நாடகத்தைச் சொல்லிக் கொடுக்க ஹார்மோனியம் தெரிந்த ஒரு மேஷ்ட்ரு இருப்பார். வேலை முடிந்த இரவுகளில் மாதக்கணக்கில் பயிற்சி நடக்கும். மேடை, படுதா, விளக்கு, கிரீடம், ஜரிகை உடை எல்லாம் வாடகைக்கு வரும். பெண் பாத்திரங்களுக்குத் தொழில்முறை நடிகைகளைக் கூலி பேசி அழைப்பார்கள். அவர்களுக்குப் பாடம் முன்பே தெரியும். நாடகத்தன்று வந்தால் போதும். பெங்களூரின் ரவீந்திர கலாக்ஷேத்திராவிலும் இவ்வகை நாடகங்கள் நடப்பதுண்டு.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து? பார்க்க வருகிறவன் பெரும்பாலும் காசு கொடுப்பதில்லை. கொடுப்பவன் நடிகன். ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு விலை உண்டு. துரியோதனனுக்கும் கிருஷ்ணனுக்கும் மேல் விலை. பிறகு பீமன், அர்ஜுனன், கர்ணன். சேவகன் வேஷம் மலிவு. பாட்டு எத்தனை, மேடையில் நிற்கும் நேரம் எவ்வளவு என்பதை வைத்து விலை ஏறும், இறங்கும். சேர்ந்த மொத்தத்திலிருந்து மேஷ்ட்ருவின் சம்பளமும் நடிகைகளின் கூலியும் மேடை வாடகையும் போகும்.

நம் நவீன நாடகக்காரருக்கு இது அசிங்கமாகப் படும். வேஷத்தை விலைக்கு விற்பதா? திறமைக்கு என்ன மதிப்பு? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் இந்தக் கணக்கின் நேர்மையைக் கவனிக்க வேண்டும். நாடகத்தால் யாருக்கு ஆனந்தமோ அவன் கொடுக்கிறான். மேடை ஏறுமுன் பணம் முழுதும் கைக்கு வந்துவிடுகிறது. டிக்கெட் விற்குமா என்ற திகில் இல்லை. மழை பெய்து கூட்டம் வராவிட்டாலும் யாரும் கடனாளி ஆவதில்லை. ஒத்திகைக்கு ஆசிரியரின் சம்பளம் என்று ஒரு வரி தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. நான் பார்க்கும் நாடகக் கணக்குகளில் அந்த வரி உள்ளது இது ஒன்றில்தான்.

வரம்பும் அதே இடத்தில் இருக்கிறது. பணம் கொடுத்தவனின் பாட்டை வெட்ட முடியாது. துரியோதனன் வேஷக்காரர் தன் பத்தியத்தை இரண்டு தரம் பாடினால் மேஷ்ட்ரு தலையை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இரவு முழுதும் நாடகம் நீள்வதற்கு மரபு ஒரு காரணம் என்றால், இத்தனை பேர் விலை கொடுத்து வாங்கிய நேரம் அது என்பது இன்னொரு காரணம். பணம் இல்லாதவன் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் சேவகன் வேஷத்திலேயே நிற்பான். இயக்குநர் என்ற ஒருவர் உள்ளே நுழைய இந்தக் கணக்கில் கதவே இல்லை.

*

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூத்தில் செலவைச் சுமப்பது ஊர். பாரதம் நடத்துவது என்று ஊர் கூடி முடிவு செய்ததும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பத்து நாள், பதினெட்டு நாள் என்று ஊரின் சக்திக்குத் தக்கபடி. அர்ச்சுனன் தபசுக்கு மரம் நட வேண்டும்; துரியோதனன் படுகளத்துக்கு மண்ணால் பெரிய உருவம் செய்ய வேண்டும்; தீமிதிக்கு விறகு வேண்டும். இதெல்லாம் ஊரின் செலவு. கூத்து வாத்தியாரிடம் போய் வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்தால் அது ஒப்பந்தம். எழுத்து தேவையில்லை.

இங்கே அரங்க வாடகை என்ற செலவு கிடையாது. கோயில் வெளியும் தெருவும் ஊரின் சொத்து. டிக்கெட்டும் கிடையாது. கூட்டம் குறைந்தாலும் பேசிய தொகை குறையாது. நஷ்டம் என்ற அபாயம் கூத்தாடிகளின் தலையிலிருந்து முழுதுமாக ஊரின் தலைக்கு மாறிவிடுகிறது. ஊருக்கு அது அபாயமாகத் தோன்றுவதில்லை. மழைக்கும் அம்மனுக்கும் செய்யும் கடமையாக அதை எழுதிவிடுகிறது.

உடைக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் முதலிய கட்டைச் சாமான்கள் கனமில்லாத மரத்தில் குடைந்து, கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் ஒட்டிச் செய்யப்படுபவை. அவை பெரும்பாலும் செட்டை நடத்துகிறவரின் சொத்து. வந்த தொகையைப் பங்காகப் பிரிப்பார்கள். முழுப் பங்கு, அரைப் பங்கு என்று ஆளின் தகுதிக்கேற்ப. சாமான்களுக்கென்று தனியாக ஒரு பங்கு எடுத்துக்கொள்ளப்படும். ஆலைக் கணக்கரின் பாஷையில் இதற்குத் தேய்மானம் என்று பெயர். ஒரு கிரீடத்தின் விலையை ஒரே இரவின் மீது ஏற்றாமல் பல வருஷத்து இரவுகளின் மீது பரப்பிவிடுகிறார்கள். நம் நகரத்துக் குழுக்கள் செய்யத் தெரியாத காரியம் இது. ஒரே ஒரு காட்சிக்குப் பட்டு ஜரிகை தைத்து, அந்த ஒரே நாள் வசூலிலிருந்து அதை எடுக்கப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொள்பவர்கள் நாம்.

ஒத்திகையின் செலவு எங்கே? கூத்தாடியின் பிள்ளைப் பருவத்தில் இருக்கிறது. கட்டியங்காரன் பின்னால் நின்று பின்பாட்டுப் பாடி, சிறு வேஷம் கட்டி, அடி வாங்கி, பத்து வருஷத்தில் ஒருவன் ஆளாகிறான். அந்தப் பத்து வருஷத்தின் செலவு அவன் குடும்பத்தினுடையது. பருவம் முடிந்து மழை தொடங்கினால் கூத்து இல்லை. அந்த மாதங்களில் நல்ல நடிகன் வேறு செட்டுக்குப் போய்விடாமல் இருக்க வாத்தியார் முன்பணம் கொடுத்துப் பிடித்து வைக்கிறார். அந்த முன்பணம் அடுத்த பருவத்தின் கூலியிலிருந்து கழிந்துவிடும். ஆக, ஓய்வுக் காலத்துச் சோறும் கடன்தான். ஊர் கொடுப்பது ஆட்டத்துக்கு மட்டும். ஆட்டக்காரனை உண்டாக்கியதற்கு யாரும் கொடுப்பதில்லை. பிள்ளைகளைக் கூத்துக்கு அனுப்பாமல் ஓசூர் ஆலைக்கு அனுப்பும் தகப்பனைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

*

இனி அந்த ஆலைக்குப் போனவனைப் பார்க்கலாம். அவனுக்கு நாடகம் போட ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர் சேர்கிறார்கள். தொண்ணூறு நிமிஷ நாடகம். கீழே வரும் தொகைகள் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை. விலை மாறினாலும் கணக்கின் வடிவம் மாறாது.

ஒரே தரம் செய்தால் போதும் என்ற செலவுகள் முதலில். உடை 8,000 ரூபாய், காட்சிப் பொருள்கள் 6,000, சுவரொட்டியும் டிக்கெட் அச்சும் 4,000, ஒத்திகை டீச் செலவு 4,000, ஆக 22,000. ஒவ்வொரு காட்சிக்கும் திரும்பத் திரும்ப வரும் செலவுகள் அடுத்து. மண்டபம் 25,000, விளக்கும் மைக்கும் 15,000, வண்டி 4,000, அன்றைய சாப்பாடு 2,000, ஆக 46,000. முதல் காட்சிக்கு மொத்தம் 68,000 ரூபாய்.

மண்டபத்தில் 400 இருக்கைகள். ஐம்பதை விருந்தினர், உறவினர், போலீஸ், பத்திரிகை என்று விட்டுவிட வேண்டும். விற்கக்கூடியது 350. டிக்கெட் 150 ரூபாய் என்றால், ஒன்று விடாமல் விற்றாலும் 52,500. கையிலிருந்து 15,500 போடுகிறார்கள். பரவாயில்லை, இன்னும் நாலு காட்சி போட்டால் சரியாகிவிடும் என்று குழுவில் யாராவது கட்டாயம் சொல்வார். அங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். ஒரு காட்சிக்கான 46,000 ரூபாயை எடுக்கவே 307 டிக்கெட் விற்றாக வேண்டும். 250தான் விற்கிறது என்றால் ஒவ்வொரு காட்சியும் 8,500 ரூபாய் நஷ்டம். காட்சி பெருகப் பெருக நஷ்டம் பெருகும். ஒரு குழு பிழைக்குமா என்று பார்க்க மொத்த வரவு செலவைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு இரவின் செலவு ஒரு இரவின் வரவுக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அடங்காத குழுவை எவ்வளவு நல்ல விமர்சனமும் காப்பாற்றாது. 350ம் விற்றாலும் ஒரு காட்சியில் மிஞ்சுவது 6,500தான். முதலில் போட்ட 22,000ஐ எடுக்க நான்கு நிறைந்த அரங்கம் வேண்டும்.

இதில் பெரிய கல் மண்டப வாடகை. நாடகத்துக்கென்று கட்டிய அரங்கம் கிடைக்காத ஊரில் கல்யாண மண்டபம்தான் கதி. அதன் விலை பஞ்சாங்கத்தைப் பொறுத்தது. முகூர்த்த நாளில் கிடைக்கவே கிடைக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் பேசிக் குறைக்கலாம். ஆகவே நாடகக் குழுவின் பருவம் இந்த இரண்டு மாதத்துக்குள் சுருங்குகிறது. வாடகையைப் பேசும்போது துப்புரவுக் கூலி, மின்சார மீட்டர், ஜெனரேட்டர் டீசல் ஆகியவை தனி என்பதைக் கேட்டுக்கொள்ளாதவன் மறுநாள் காலை அழுவான். மணமேடைக்குப் பக்கவாட்டு மறைவு இருக்காது. பகலில் இருட்டாக்க முடியாது. மின்விசிறியின் சத்தத்தில் மெல்லப் பேசும் வசனம் போய்ச் சேராது. விளக்குக்கும் மைக்குக்கும் 15,000 ரூபாய் ஆவதற்குக் காரணம், நாடகத்துக்கு ஒவ்வாத இடத்தை ஒரு இரவுக்கு நாடக அரங்கமாக மாற்ற வேண்டியிருப்பது.

டிக்கெட் கணக்கில் வரும் தவறு வேறு மாதிரி. ஐம்பது ஐம்பதாகப் புத்தகம் கட்டி நண்பர்களிடம் கொடுத்துவிட்டு, கொடுத்ததையெல்லாம் விற்றதாக நினைத்துக்கொள்வது. நாடகத்தன்று மாலை பாதிப் புத்தகம் திரும்பி வரும். அடிக்கட்டையும் பணமும் சேர்ந்து கைக்கு வந்தால்தான் அது விற்பனை. வாரம் ஒரு முறை அடிக்கட்டைகளை எண்ணாத குழு, தன் நிலைமையைக் காட்சியன்று ஏழு மணிக்குத்தான் அறிந்துகொள்ளும். வரியைப் பற்றிய பயம் இதில் பெரிதாக வேண்டாம். ஜி.எஸ்.டி.யில் நாடக நுழைவுக் கட்டணத்துக்கு உள்ள விலக்கின் வரம்பு 2018 ஜனவரியில் 250 ரூபாயிலிருந்து 500 ஆக உயர்த்தப்பட்டது. சிறு குழுக்களின் டிக்கெட் அதற்குள்தான் இருக்கும்.

இப்போது காலியாக விட்ட பக்கத்துக்கு வருவோம். பன்னிரண்டு பேர், நாற்பது ஒத்திகை, தடவைக்கு மூன்று மணி நேரம். மொத்தம் 1,440 மணி நேரம். மணிக்கு 75 ரூபாய் என்று வைத்தாலும் 1,08,000 ரூபாய். மண்டபம், விளக்கு, உடை, அச்சு எல்லாம் சேர்ந்த 68,000ஐ விட இது ஒன்றரை மடங்குக்கும் மேல். நாடகத்தின் மிகப் பெரிய முதலீட்டாளர் நடிகர்தான். அவர் பெயர் நன்றியுரையில் வரும், கணக்கில் வராது.

பணமாகக் கொடுக்கவில்லையே, அதனால் என்ன என்று கேட்கலாம். ஓசூரில் அதன் விலை வேறு நாணயத்தில் வசூலிக்கப்படுகிறது. ஆலையில் மூன்று ஷிப்ட். வாரத்துக்கு வாரம் மாறும். பன்னிரண்டு பேர் வெவ்வேறு ஷிப்டில் இருந்தால் எல்லாருக்கும் பொதுவான மாலை என்பது கிடையாது. ஞாயிறு மட்டும் மிஞ்சும். நாற்பது ஒத்திகைக்கு நாற்பது ஞாயிறு. ஏறக்குறைய பத்து மாதம். பத்து மாதத்தில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் ஒப்பந்தம் முடிந்துவிடும், இன்னொருவருக்குக் கல்யாணம், மற்றொருவர் பெங்களூருக்கு வேலை மாறிப் போவார். போனவருக்குப் பதில் வந்தவருக்காக மற்ற பதினொரு பேரும் பழைய காட்சிகளை மறுபடி செய்ய வேண்டும். ஒத்திகை நோட்டில் வருகைப் பதிவு வைத்தால் இது முன்னாலேயே தெரியும். பன்னிரண்டு பேரும் கூடிய நாட்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அந்த நாடகம் மேடையேறாது; ஏறினாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வசனம் ஒப்பிப்பார்கள். விமர்சகன் அதை நடிப்புக் குறை என்று எழுதுவான். உண்மையில் அது ஷிப்ட் பட்டியலின் குறை.

*

இந்த முடிச்சை வேறொரு எல்லைப்புற ஆலைப் பிரதேசத்தில் அவிழ்க்கப் பார்த்தவர்கள் உண்டு. டில்லியின் ஜன நாட்டிய மஞ்ச் 1973இல் தொடங்கிய குழு. ஆரம்பத்தில் தொழிற்சங்கங்களின் ஆதரவில் பெரிய மேடை நாடகங்களைப் போட்டது. நெருக்கடி நிலைக்குப் பிறகு சங்கங்களிடம் பணம் இல்லை. பெரிய நாடகத்தின் செலவை அவற்றால் தாங்க முடியவில்லை. பெரிய நாடகத்தை மக்களிடம் கொண்டுபோக முடியாவிட்டால் சிறிய நாடகத்தைக் கொண்டுபோவது என்று 1978இல் முடிவு செய்தார்கள். அப்படிப் பிறந்தது ‘மெஷின்’. ஆலையில் சைக்கிள் நிறுத்த இடமும் சிற்றுண்டிச் சாலையும் கேட்ட தொழிலாளர் போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்ததை வைத்துச் செய்த, சுமார் பதின்மூன்று நிமிஷ நாடகம். மேடை இல்லை, படுதா இல்லை. நடிகர்களின் உடம்பே இயந்திரம். தெரு நாடகத்தை ஒரு கொள்கையாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். அதன் பிறப்புச் சான்றிதழில் ஒரு பட்ஜெட்டும் இருக்கிறது. அந்தக் குழுவின் சஃப்தர் ஹாஷ்மி 1989 ஜனவரி முதல் தேதி, டில்லியை ஒட்டிய சாஹிபாபாத் ஆலைப் பகுதியில் தொழிலாளர் நடுவே நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். ஆலை வாசலில் நாடகம் போடுவதற்கு மண்டப வாடகை இல்லை. வேறு விலை இருந்தது.

பாதல் சர்க்கார் 1980இல் சென்னையில் பயிற்சிப் பட்டறை நடத்தினார். டிக்கெட்டும் அரங்கமும் உடையும் வேண்டாம், பார்த்தவர்கள் விரும்பியதைப் போடட்டும் என்ற அவருடைய வழி நம் இளைஞர்களைப் பிடித்துக்கொண்டது. மேலே போட்ட கணக்கில் 46,000ஐ ஏறக்குறைய இல்லாமல் செய்துவிடும் வழி அது. ஆனால் 1,440 மணி நேரம் அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் கூடுகிறது. படுதாவும் விளக்கும் செய்த வேலையையும் உடம்பே செய்ய வேண்டும். உடம்பைப் பழக்க நாள் வேண்டும். செலவு குறைந்த அரங்கம் என்பது ஒத்திகை மிகுந்த அரங்கம். இதை நாம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. செலவு இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு பயிற்சியையும் விட்டுவிட்டவர்கள் தெருவில் நின்று கோஷம் போட்டார்கள்.

கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்தில் நீநாசம் 1985இல் தொடங்கிய ‘திருகாட்ட’ இன்னொரு வழியைக் காட்டுகிறது. நடிகர்கள் ஒரு பருவம் முழுக்க ஓரிடத்தில் தங்கி நாடகங்களைத் தயாரிக்கிறார்கள். பிறகு ஊர் ஊராகப் போகிறார்கள். அந்தந்த ஊரில் அழைக்கிறவர்கள் காட்சிக்கு இவ்வளவு என்று தொகை கொடுத்து, தங்க இடமும் சாப்பாடும் தருகிறார்கள். டிக்கெட் விற்பது அழைத்தவர் பாடு. கவனித்துப் பார்த்தால் கம்பெனி வீட்டின் ஒத்திகையும் கூத்தின் வெற்றிலை பாக்கும் இதில் சேர்ந்திருக்கின்றன. அபாயம் ஊரின் தோளில். ஒத்திகையின் செலவு பல ஊர்களின் மீது சிறிது சிறிதாக. ஒரே ஊரில் ஒரே காட்சி போடும் குழுவுக்கு இந்த வழி கிடையாது. இருபது ஊர் அழைத்தால்தான் கணக்கு கூடும்.

*

ஓசூர்க் குழு இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது அதிகமில்லை. ஆனால் இருப்பது உறுதியானது. மண்டபத்தை விட்டுவிட வேண்டும். அழைக்கும் குடியிருப்புச் சங்கமோ தொழிற்சங்கமோ கோயில் கமிட்டியோ காட்சிக்கு ஒரு தொகை தரட்டும். கூட்டம் சேர்ப்பது அவர்கள் வேலை. பாத்திரங்களைப் பன்னிரண்டிலிருந்து ஐந்தாக்க வேண்டும். ஐந்து பேருக்குப் பொதுவான மாலை கிடைக்கும். உடையைப் பல நாடகங்களுக்கு வரும்படி தைத்து, கூத்துக்காரரைப் போலக் காட்சிக்கு ஒரு பங்கு அதற்கு ஒதுக்க வேண்டும். இத்தனையும் பிரதி எழுதுகிறவனின் மேஜையில் தொடங்க வேண்டிய காரியங்கள். பன்னிரண்டு பாத்திரத்தை எழுதிவிட்டு நடிகன் வரவில்லை என்று சபிப்பதில் பயனில்லை.

இது பிரதியைக் காசுக்கு அடிமையாக்குவதாகாதா என்று சிலர் கேட்பார்கள். துரியோதனனுக்கு விலை கொடுத்தவனின் நாடகமும், யானையை ஏற்றியவனின் நாடகமும், தலைக்கட்டு வரியில் நடந்த கூத்தும் அந்தந்தக் கணக்கிலிருந்துதான் தங்கள் வடிவத்தை எடுத்துக்கொண்டன. தங்கள் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத் தெரியவில்லை. நாம் கம்பெனியின் அரங்கத்தையும் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டோம்; கம்பெனி வீட்டை எடுத்துக்கொள்ளவில்லை. கூத்தின் அடவை எடுத்துக்கொண்டோம், ஊரை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது ஒரு தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமை.

அடுத்த நாடகத்துக்கு நோட்டு வாங்கும்போது முதல் வரியில் மண்டபத்தை எழுத வேண்டாம். இத்தனை பேர், இத்தனை மணி நேரம் என்று ஒத்திகையை எழுதலாம். பக்கத்தில் ரூபாய்க் கட்டம் காலியாகவே இருந்தாலும் சரி. வசூல் எண்ணும் இரவில் எல்லாருடைய கண்ணிலும் அது பட வேண்டும்.